போட்டோவில் வந்த புறவுருவப்படம்: ஆறும் மலையும் வலயமும் குறித்த கதை

பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் புவியியல் பயிற்சித் தாள்களைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். கட்டுரைக் கேள்வி என்றால் எப்படி எடுத்து அனுப்பினாலும் வாசித்துவிடலாம். "பின்வருவனவற்றை இலங்கைப் புறவுருவப்படத்தில் குறித்துப் பெயரிடுக" என்று வந்தால்தான் வேலை. முள்ளியவளையிலிருந்து ஒரு தம்பி அனுப்பிய தாளில் மகாவலி கங்கை, மல்வத்து ஓயா, பிதுருதலாகலை, நக்கிள்ஸ் மலைத்தொடர், ஈரவலயம் என்று ஐந்து கேட்டிருந்தார்கள். படத்தில் கரையோரக் கோடும் அதைச் சுற்றி ஒரு சட்டமும் மட்டுமே இருந்தன. ஊர்ப்பெயர் ஒன்றுகூட இல்லை.

அதைத் திறந்ததும் இலங்கை ஏதோ கொழுத்துப்போய்த் தெரிந்தது. மேசையில் கிடந்த தாளை நாற்காலியில் இருந்தபடியே சரிவாக எடுத்திருக்கிறான். இப்படி எடுத்தால் தாளின் தூரப் பக்கம் ஒடுங்கும், நீளமும் குறுகிவிடும். கண்ணால் பார்த்து "கொஞ்சம் சரிவு, பரவாயில்லை" என்று விட்டுவிடக் கூடாது. அளந்து பார்க்க லேசான வழி உண்டு. பருத்தித்துறையிலிருந்து தெற்கே தேவேந்திரமுனை வரை 432 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து கிழக்கே சங்கமன்கண்டி முனை வரை, அதாவது அகலம் கூடின இடத்தில், 224 கிலோமீற்றர். நீளத்தை அகலத்தால் வகுத்தால் ஏறத்தாழ 1.93 வரும். திரையில் அடிமட்டத்தை வைத்து இந்த இரண்டையும் அளந்தேன். நீளம் 8.4 சென்ரிமீற்றர், அகலம் 5 சென்ரிமீற்றர். வகுத்தால் 1.68. இந்தப் படத்தின் மேல் அப்படியே குறித்தால் வடக்கு தெற்கு இடைவெளிகள் எல்லாம் பிழைக்கும். அதுவும் ஒரே அளவில் பிழைக்காது, தூரப் பக்கத்தில் கூடுதலாகப் பிழைக்கும்.

திருத்துவதற்குச் சட்டம்தான் கைகொடுத்தது. Google Drive செயலியில் Scan என்று இருக்கிறது. வந்த படத்தை அதற்குள் எடுத்த பிறகு நான்கு மூலைகளையும் விரலால் இழுத்துப் பொருத்தலாம். நான் தாளின் மூலைகளை விட்டுவிட்டு, வரைபடச் சட்டத்தின் மூலைகளில் கொண்டுபோய் வைத்தேன். தாளின் ஓரம் மடிந்தோ கிழிந்தோ இருக்கும், அச்சடித்த சட்டம் நேராக இருக்கும். பொருத்திய பிறகு சட்டத்தின் எதிர்ப்பக்கங்கள் சமாந்தரமாக வந்தன. ஆனாலும் இலங்கையின் நீள அகலத்தை மறுபடி அளக்க வேண்டும். சட்டத்தின் உண்மையான நீள அகலம் செயலிக்குத் தெரியாது, அது ஊகித்துத்தான் நீட்டும். இந்த முறை 1.9 வந்தது. சரி, இது போதும்.

தாள் தட்டையாக இருந்தால்தான் இதெல்லாம் சரிவரும். தைத்த கொப்பியிலோ தடித்த புத்தகத்திலோ நடுமடிப்புப் பக்கம் வளைந்திருந்தால், மூலைகளை எப்படி இழுத்தாலும் கரையோரம் வளைந்தே நிற்கும். அப்படியான படத்தைத் திருத்த நான் மினக்கெடுவதில்லை. திருப்பி எடுக்கச் சொல்லிவிடுவேன். தாளை நிலத்தில் வைத்து, மேலே எழுந்து நின்று, போனைத் தாளுக்குச் சமாந்தரமாகப் பிடித்து, சற்று உயரத்திலிருந்து எடுக்க வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம், அது படத்தின் நடுவில் வெள்ளைப் பொட்டாக விழுந்து மலைநாட்டையே மறைத்துவிடும். அனுப்பும்போது Document என்ற வழியால் அனுப்பினால் நல்லது. சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், பெருப்பித்துப் பார்க்கையில் கரையோரக் கோடு கலங்கித் தெரியும்.

அடுத்தது விரல். போன் திரையில் இலங்கை முழுதாகத் தெரியும்போது அதன் நீளம் ஆறு சென்ரிமீற்றர் என்று வையுங்கள். ஒரு சென்ரிமீற்றர் என்பது 72 கிலோமீற்றர். விரல் நுனியின் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வவுனியாவில் விரலை வைத்தால் கிளிநொச்சி வரை மறைந்துவிடும். ஆகவே முழுப்படத்தில் விரலால் கோடு இழுப்பது வீண். படத்தை அச்செடுக்க முடிந்தால் எடுத்துவிடுவேன், இல்லாவிட்டால் பெருப்பித்துப் பகுதி பகுதியாகக் குறிப்பேன். அன்று அச்செடுக்க முடிந்தது. தாளில் இலங்கையின் நீளம் 12 சென்ரிமீற்றர் வந்தது, ஒரு சென்ரிமீற்றருக்கு 36 கிலோமீற்றர். கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இந்த 12 சென்ரிமீற்றர் படத்துக்கு உரியவை. உங்கள் படம் பெரிதென்றால் அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் பென்சிலால் மெல்லிய துணைக்கோடுகள் போட்டேன். கொழும்பிலிருந்து நேர் கிழக்கே ஒரு கிடைக்கோடு. ஊர்ப்பெயர் இல்லாத படத்தில் கொழும்பை எப்படிக் கண்டுபிடிப்பது? தென்முனையிலிருந்து மொத்த நீளத்தின் கால் பங்கைவிடச் சற்று மேலே, மேற்குக் கரையில், 12 சென்ரிமீற்றரில் என்றால் கீழிருந்து 3.1 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. இரண்டாவது கிடைக்கோடு கொட்டியாரக் குடாவில். திருகோணமலைக்குத் தெற்கே கரை உள்ளே வளைந்த இடம் அது, எந்தப் புறவுருவப்படத்திலும் தெளிவாகத் தெரியும். கீழிருந்து 7.8 சென்ரிமீற்றர். இந்த இரண்டு கோடுகளுக்கு மேல் தேவைப்படவில்லை. சில பிள்ளைகள் அகலக்கோடும் நெடுங்கோடும் முழுவதும் போட்டுக் கட்டம் கீறுவார்கள். பிறகு அழிக்கையில் தாள் கிழியும், கரையோரக் கோடும் சேர்ந்து போகும்.

மலையை முதலில் வைத்தேன், ஆறுகளுக்கு அது வழிகாட்டும். கொழும்புக் கோட்டின் நடுவைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து மேற்கே ஒரு துளி நகர்ந்து, கோட்டுக்கு மேலே 2 மில்லிமீற்றர் ஏறினால் பிதுருதலாகலை. 2,524 மீற்றர் உயரமான இந்த மலை கொழும்பின் அகலக்கோட்டுக்கு இவ்வளவு கிட்ட இருப்பது பலருக்குத் தெரியாது. மலைநாடு நாட்டின் நடுவில் என்று மனதில் பதிந்துவிட்டதால், படத்தின் நடுமையத்தில் முக்கோணத்தைக் குத்திவிடுவார்கள். படத்தின் நடுமையம் தம்புள்ளைப் பக்கம். அது உலர்வலயம், மலைநாடு அதற்குத் தெற்கே. சிறிய முக்கோணம் போட்டு, பெயரை அதன் வலப்பக்கம் கிடையாக எழுதினேன். முக்கோணத்தைப் பெரிதாகப் போட்டால் அதற்குள் நுவரெலியா மாவட்டமே அடங்கிவிடும், எந்த இடத்தைக் காட்டுகிறோம் என்றே தெரியாது.

இனி மகாவலி. 335 கிலோமீற்றர், நாட்டின் மிக நீண்ட ஆறு. அந்தத் தம்பி தன் விடையையும் பென்சிலால் கீறி அனுப்பியிருந்தான். மலைநாட்டிலிருந்து திருகோணமலைக்கு ஒரே கோடு, அம்பு விட்டதுபோல. அநேகமான பிள்ளைகள் இப்படித்தான் கீறுகிறார்கள். தொடக்கமும் முடிவும் ஓரளவு சரியாக இருக்கும், நடு வழி இருக்காது. மகாவலி மூன்று இழுப்பு. முதலாவது, மலைநாட்டின் மேற்குச் சரிவில், பிதுருதலாகலைக்குத் தென்மேற்கே தொடங்கி வடக்கே கம்பளை, பேராதனை வழியாகக் கண்டி வரை. கண்டி கீழிருந்து 4.2 சென்ரிமீற்றர் உயரத்தில், பிதுருதலாகலைக்கு வடமேற்கே இருக்கிறது. இரண்டாவது, கண்டியைச் சுற்றித் திரும்பிக் கிழக்கே மகியங்கனை வரை. இது ஏறத்தாழக் கிடையாகவே போகும், நடுவில் சற்றுத் தெற்கே தொய்யும், நீளம் ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். மூன்றாவது, மகியங்கனையில் மறுபடி வடக்கே திரும்பி, பொலன்னறுவைக்குக் கிழக்குப் பக்கத்தால் கொட்டியாரக் குடா வரை. 3.5 சென்ரிமீற்றர் மேலே போகையில் முக்கால் சென்ரிமீற்றர் அளவு கிழக்கே சாயும்.

நான் கழிமுகத்திலிருந்து பின்னோக்கித்தான் கீறுவேன். கழிமுகம் கரையோரக் கோட்டில் இருக்கிறது, அதில் தடுமாற இடமில்லை. ஊற்று மலைக்குள் எங்கோ இருக்கிறது, அது ஒரு மில்லிமீற்றர் அங்கே இங்கே போனாலும் பெரிதாகத் தெரியாது. ஆற்றுக் கோடு கரையோரக் கோட்டைத் தொட வேண்டும். தொடாமல் விட்டால் ஆறு தரையில் வற்றிப்போனது என்று அர்த்தமாகிவிடும், தாண்டினால் கடலுக்குள் ஓடும். இன்னொன்று, கழிமுகத்தைத் திருகோணமலைத் துறைமுகத்துக்குள்ளே வைக்கக் கூடாது. குடாவின் தென்கரையில்தான் வைக்க வேண்டும்.

மல்வத்து ஓயா எங்களுக்குப் பக்கத்து ஆறு. மன்னார்ப் பக்கம் அருவியாறு என்றுதான் சொல்வோம். 164 கிலோமீற்றர், நீளத்தில் இரண்டாவது. இதையும் கலா ஓயாவையும் மாறிக் கீறுவது வழக்கம், இரண்டும் வடமேற்குக் கரைக்குத்தான் போகின்றன. வித்தியாசத்தைக் கரையோரம் சொல்லும். மன்னார்த் தீவு நாக்கு நீட்டிக்கொண்டு நிற்கிற இடத்தைப் பாருங்கள். அது பெருநிலத்தோடு கிட்ட வருகிற இடத்திலிருந்து கரையோரமாக அரைச் சென்ரிமீற்றர் தெற்கே வந்தால் அரிப்புப் பக்கம், அங்கே மல்வத்து ஓயா கடலில் விழுகிறது. இன்னும் ஒன்றரைச் சென்ரிமீற்றர் தெற்கே, புத்தளம் கடல்நீரேரியின் வடவாயில், கலா ஓயா. உள்நாட்டில் மல்வத்து ஓயாவுக்கு ஒரு புள்ளி போதும், அநுராதபுரம். கொட்டியாரக் கோட்டில் மேற்குக் கரையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உள்ளே வந்து, கோட்டுக்குச் சற்றுக் கீழே வைத்தால் அதுதான். தம்புள்ளைப் பக்கக் குன்றுகளில் தொடங்கி, அந்தப் புள்ளியைத் தொட்டு, வடமேற்கே அரிப்புக்கு ஒரு மெல்லிய வளைகோடு. பெயரைக் கடலில் எழுதி ஒரு சிறு கோட்டால் ஆற்றோடு இணைத்தேன். நிலத்துக்குள் எழுதினால் எழுத்தே ஆற்றை மூடிவிடும்.

ஈரவலயம் புள்ளியும் அல்ல, ஒற்றைக் கோடும் அல்ல, ஒரு பரப்பு. ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் தென்மேற்குப் பகுதி. எல்லையை நீர்கொழும்புப் பக்கக் கரையில் தொடங்கி, உள்ளே கிழக்கே போய், கண்டிக்கு மேலால் வளைத்து, மலைநாட்டின் மேற்குச் சரிவுகளை உள்ளே வைத்துக்கொண்டு தெற்கே இறக்கி, மாத்தறைப் பக்கக் கரையில் முடித்தேன். கோட்டின் இரண்டு நுனியும் கரையைத் தொட்டால்தான் பரப்பு மூடும். உள்ளே இலேசாகச் சரிவுக்கோடு போட்டுக் குறிவிளக்கத்தில் ஒரு பெட்டி. பென்சிலை அழுத்தி நிழலடித்தால், போட்டோவில் அது கறுப்பாக விழுந்து பிதுருதலாகலைப் பக்கத்தையும் மகாவலியின் முதல் இழுப்பையும் தின்றுவிடும்.

அந்தத் தம்பிக்கு இப்படிக் குறித்துத் திருப்பி அனுப்பியாயிற்று. அவனுடைய வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஸ்மார்ட் போன் இல்லை, அம்மம்மாவின் பட்டன் போன்தான். அதே தாள் அவளிடம் கையில் இருக்கிறது, பென்சிலும் இருக்கிறது. என்னால் படம் அனுப்ப முடியாது. கவரேஜும் விட்டு விட்டுத்தான் வரும். "ரீச்சர், சொல்லுங்கோ, நான் கீறுறன்" என்றாள். இங்கேதான் சொல்லால் இடம் காட்டுவது எவ்வளவு கடினம் என்று தெரியவரும்.

கிலோமீற்றர் சொன்னால் அவளுக்குப் பயனில்லை, தாளில் கிலோமீற்றர் தெரியாது. சென்ரிமீற்றரும் ஆபத்து, என்னுடைய அச்சும் அவளுடைய தாளும் ஒரே அளவல்ல. ஆகவே எல்லாவற்றையும் பங்காகச் சொன்னேன். "பருத்தித்துறை நுனியிலிருந்து தெற்கு நுனி வரை அடிமட்டத்தால் அளந்து நாலாகப் பிரி. தெற்குக் கால் பங்கு முடிகிற இடத்துக்குச் சற்று வடக்கால் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு ஒரு கோடு போடு. அந்தக் கோட்டின் நடுவுக்குக் கொஞ்சம் மேற்கே, கோட்டை ஒட்டி வடக்கே ஒரு முக்கோணம்." முக்கோணம் வைத்ததும் அவள் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "கிழக்குக் கரை கிட்டவா, மேற்குக் கரை கிட்டவா?" "கிட்டத்தட்ட ஒரே தூரம் ரீச்சர், மேற்குக் கரை கொஞ்சம் கிட்ட." சரி, இடம் சரியாக வந்திருக்கிறது. எனக்குத் தெரியாத தாளைச் சரிபார்க்க இதைவிட வேறு வழி இல்லை.

இடம், வலம், மேல், கீழ் என்ற சொற்களை நான் கூடியவரை தவிர்ப்பேன். தாளைத் திருப்பி வைத்திருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று சொல்லி, தொடங்கும்போது ஒரு தரம் மட்டும் "பருத்தித்துறை உனக்கு மேலே இருக்கட்டும்" என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஆறுகளுக்குச் சொல்லும் ஒழுங்கும் கீறும் ஒழுங்கும் ஒன்றுதான்: கழிமுகம், திரும்புகிற இடங்கள், ஊற்று. அவளுக்கு எஸ்எம்எஸ்ஸில் எழுதி அனுப்பிய மகாவலி இது: "திருகோணமலைக்குத் தெற்கே கரை உள்ளே வளைந்த குடா. அதன் தென்கரையில் தொடங்கு. தெற்கே, சற்று மேற்கே சாய்ந்து, முக்கோணத்துக்கு வடகிழக்கில் நிறுத்து. அங்கிருந்து மேற்கே திரும்பி, முக்கோணத்தைத் தாண்டி வடமேற்கு வரை போ. அது கண்டி. கண்டியைச் சுற்றித் தெற்கே திரும்பி, முக்கோணத்துக்குத் தென்மேற்கில் முடி." இதில் முக்கோணம் மூன்று தரம் வருகிறது. ஏற்கெனவே தாளில் வைத்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னால் பிழை சேராது. ஒவ்வொன்றையும் புதிதாகக் கரையிலிருந்து சொல்லப்போனால், தனித்தனியாக ஒவ்வொன்றும் சரி போலத் தெரியும், ஆனால் ஆறு மலைக்கு மேலால் ஏறிப் போகும்.

கரையோரம் வெட்டுப்பட்ட படம் வந்தாலும் இந்த ஒழுங்குதான் உதவும். இன்னொரு பிள்ளை அனுப்பியதில் காலிக்குத் தெற்கே எதுவும் இல்லை, நீளத்தை அளக்கவே முடியாது. அப்போது தெரிகிற பகுதியை மட்டும் குறித்துவிட்டு, மிச்சத்தைச் சொல்லால் எழுதிக் கொடுத்தேன். அவள் கேட்டவற்றில் கனகராயன் ஆறும் ஒன்று. வவுனியாப் பக்கம் தொடங்கி, வடக்கே ஓடி, இரணைமடுவை நிரப்பி, ஆனையிறவுக்குக் கிழக்கே சுண்டிக்குளம் பக்கக் கடல்நீரேரியில் சேருகிறது. பெரிய ஆறுகள் மலைநாட்டிலிருந்து வெளியே ஓடும் என்று படித்த பிள்ளைக்கு, நேர் வடக்கே போகும் ஆறு குழப்பமாக இருக்கும், இரணைமடு வாய்க்கால் தண்ணீரில் குளித்து வளர்ந்தாலும்கூட. சில புறவுருவப்படங்களில் அந்தக் கடல்நீரேரியே வரையப்பட்டிருக்காது. அப்போது குடாநாடும் பெருநிலமும் சேரும் ஒடுக்கமான இடத்துக்குச் சற்றுக் கிழக்கே ஆற்றை முடிக்கச் சொல்வேன்.

பரப்புகளைச் சொல்லும்போது எல்லையை வரிசையாகச் சொல்லி, எந்தப் பக்கம் உள்ளே என்பதையும் சொல்ல வேண்டும். "நீர்கொழும்பில் தொடங்கு, கண்டிக்கு வடக்கால் வளை, முக்கோணத்தைத் தொட்டுக்கொண்டு தெற்கே இறங்கு, மாத்தறையில் முடி, கொழும்பு உள்ளே இருக்கட்டும்." அந்தக் கடைசிச் சொற்களை விட்டுவிட்டால் ஒரு பிள்ளையாவது மறுபக்கத்தை நிழலடித்து வரும்.

நக்கிள்ஸ்தான் சொல்லால் சரிவரச் சிரமப்பட்டது. "கண்டிக்குக் கிழக்கே ஒரு மலைத்தொடர்" என்று எழுதியதை வைத்து அந்தப் பட்டன் போன் பிள்ளை கீறியதை அந்தத் தம்பி படம் எடுத்து அனுப்பினான். மலைத்தொடர் மகாவலிக் கோட்டின் மேலேயே படுத்திருந்தது. ஆற்றின் இரண்டாவது இழுப்பும் கண்டிக்குக் கிழக்கேதான் போகிறது, அவளில் பிழை சொல்ல முடியாது. "கண்டிக்கு வடகிழக்கே, மாத்தளைக்கு நேர் கிழக்கே, மகாவலியின் கிடையான துண்டுக்கு வடக்கிலும் வடக்கே போகிற துண்டுக்கு மேற்கிலும், இரண்டுக்கும் நடுவில் உள்ள மூலையில்" என்று மாற்றி அனுப்பினேன். அடுத்து வந்த படத்தில் மலைத்தொடர் அந்த மூலைக்குள் இருந்தது, பெயரை மட்டும் மகாவலிக்கு மேலால் எழுதியிருந்தாள்.